ஆவுளியா வீடியோவும் தடைக்காலமும்: ஏப்ரல் வியூஸைக் கணிக்கும் கணக்கு

மண்டபம் பக்கம் விசைப்படகில் கூடவே போய், வலை இழுப்பதையும் மீன் பிரிப்பதையும் வீடியோ எடுத்துப் போடும் ஒரு யூடியூப் சேனல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மார்ச் கடைசியில் கருவாட்டு வியாபாரி ஒருவர் போன் செய்கிறார். "தம்பி, ஏப்ரல் மாசம் பூரா உங்க வீடியோவுல நம்ம கடை பேரு வரணும். மொத்தம் எத்தனை வியூஸ் வரும்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன துட்டு பேசிக்கிடுவோம்." கூடுதலாகச் சொன்னால் மே மாதம் திட்டு விழும். குறைத்துச் சொன்னால் கைக்கு வர வேண்டிய பணம் போகும். கையில் இருப்பதோ கடந்த 12 வாரக் கணக்கும், போன ஆண்டுத் தடைக்காலத்தின் சில வார எண்களும்தான்.

அந்தக் கணக்கை வைத்து ஏப்ரலுக்கு ஒரு எண்ணை எப்படி எடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, எந்தச் சேனலுடையவையும் அல்ல. ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் இப்படிச் சேனல் நடத்தும் யாருடைய கணக்கை எடுத்தாலும் இதே இரண்டு இடங்களில்தான் கால் தட்டும்: திடீரென்று பரவிய ஒரு வீடியோ, ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம்.

ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை வாரவாரியான வியூஸ், ஆயிரத்தில்:

```
42  38  45  40  44  39  47  118  61  48  43  46
```

நாள்வாரியாக எடுக்காமல் வாரவாரியாக எடுப்பதற்கு இந்தக் கரையில் தனிக் காரணம் உண்டு. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாள்கள் என்பது பழைய ஏற்பாடு. படகு போன நாளுக்கு மறுநாள் வீடியோ வரும், வியூஸ் ஏறும். படகு போகாத நாளை அடுத்து இறங்கும். நாள் கணக்கில் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கமே கண்ணை மறைத்துவிடும். ஏழு நாளைக் கூட்டினால் அது தானாக அடங்கிவிடுகிறது.

கூட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூடியூப் ஸ்டுடியோ ஒரு நாளைக் கணக்கிடுவது அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி. அங்கே நள்ளிரவு ஆகும்போது இங்கே பகல் 12.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 1.30. அதாவது திங்கட்கிழமை காலை இங்கே விழும் வியூஸ் அங்கே ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் போகிறது. வாரக் கணக்கில் இது பெரிய சேதம் செய்யாது. ஆனால் ஸ்டுடியோவின் எண்கள் முழுமையாக வந்து சேர ஓரிரு நாள் ஆகும். கடைசி வாரம் முடிந்த கையோடு எண்ணை எடுத்தால் அது குறைவாகவே இருக்கும். நாம் பயன்படுத்தப்போகும் முறை கடைசி வாரத்துக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கிறது. ஆகவே இரண்டு மூன்று நாள் பொறுத்து எடுப்பது நல்லது.

அந்த முறைக்கு எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் என்று பெயர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய ராபர்ட் ஜி. பிரவுன், நீர்மூழ்கிக் கப்பல் எங்கே நகர்கிறது என்பதைத் தொடர்ந்து கணிக்க இந்தக் கருத்தைக் கையாண்டார். போருக்குப் பிறகு கிடங்குகளில் எவ்வளவு சரக்கு வைக்க வேண்டும் என்ற கணக்குக்கு அதையே கொண்டுவந்தார். 1957-இல் சார்ல்ஸ் ஹோல்ட், ஏறிக்கொண்டே போகும் அல்லது இறங்கிக்கொண்டே போகும் தொடர்களுக்கும் பொருந்துமாறு அதை விரித்தார். பிறந்தது கடலில் என்பதால் நம் ஊருக்கு அந்நியமான கணக்கு இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கணக்கின் உள்ளே இருப்பது ஒரே ஒரு எண்: 'மட்டம்'. இப்போதைக்கு ஒரு சாதாரண வாரத்தில் எத்தனை வியூஸ் வரும் என்று நாம் நம்புகிறோமோ அதுதான் மட்டம். புது வாரத்தின் எண் வந்ததும் அதற்கும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறோம். அந்த வித்தியாசத்தை அப்படியே ஏற்பதில்லை, ஒரு பங்கை மட்டும் மட்டத்தில் சேர்க்கிறோம். அந்தப் பங்குக்குப் பெயர் ஆல்பா, 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும். அனுபவமுள்ள ஓட்டி ஒவ்வொரு அலைக்கும் சுக்கானை முழுதாகத் திருப்பமாட்டார். படகு ஒரு பக்கமாகவே விலகிப்போகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். ஆல்பா செய்வது அந்த வேலைதான்.

ஆல்பா 0.3 என்றால், இன்றைய மட்டத்தில் கடந்த வாரத்தின் பங்கு 30 சதவீதம், அதற்கு முந்தைய வாரத்தின் பங்கு 21, அதற்கும் முந்தையது ஏறத்தாழ 15. இப்படிப் பழையது தேய்ந்துகொண்டே போகும், ஆனால் ஒருபோதும் முழுதாக அழியாது. இந்தக் கடைசிச் சொற்றொடரை நினைவில் வையுங்கள், பின்னால் நம்மைக் கடிக்கப்போவது அதுதான்.

தொடங்க ஒரு மட்டம் வேண்டும். முதல் நான்கு வாரங்களின் சராசரியை எடுக்கலாம்: 42, 38, 45, 40 சேர்ந்து 165, நான்கால் வகுத்தால் 41.25. ஐந்தாம் வாரம் 44 வந்தது. வித்தியாசம் 2.75, அதில் 0.3 பங்கு 0.8. புது மட்டம் 42.1. ஆறாம் வாரம் 39, எதிர்பார்த்ததைவிட 3.1 குறைவு, மட்டம் 41.2-க்கு இறங்குகிறது. ஏழாம் வாரம் 47, மட்டம் 42.9. இதுவரை எல்லாம் அமைதி.

போனில் உள்ள கூகுள் ஷீட்ஸே இதற்குப் போதும். முதல் வரிசையில் தலைப்பு, B2 முதல் B13 வரை 12 வார எண்கள், F1-இல் ஆல்பா.

```
C5:  =AVERAGE(B2:B5)
C6:  =C5+$F$1*(B6-C5)
D6:  =B6-C5
```

C6, D6 இரண்டையும் 13-ஆம் வரிசை வரை இழுத்துவிட்டால் C பத்தியில் மட்டம், D பத்தியில் ஒவ்வொரு வாரமும் கணிப்பு எவ்வளவு தவறியது என்பது வந்துவிடும். ஷீட்ஸில் `FORECAST` என்று ஒரு ஃபங்ஷன் தயாராக இருக்கிறதே என்று கேட்பார்கள். அது புள்ளிகளின் ஊடே ஒரு நேர்கோட்டைப் போட்டு நீட்டிவிடும், ஜனவரி முதல் வாரத்துக்கும் மார்ச் கடைசி வாரத்துக்கும் ஒரே மதிப்பு. எக்ஸெலில் உள்ள `FORECAST.ETS` இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது போக்கையும் பருவத்தையும் சேர்த்தே தேடும். 12 வாரத்தைக் கொடுத்தால் இல்லாத போக்கைக் கண்டுபிடித்து ஏற்றியோ இறக்கியோ காட்டும். மூன்று வரி ஃபார்முலாவை நாமே எழுதுவது மேல்.

இனி எட்டாம் வாரம். கரைவலையில் சிக்கிய ஒரு ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, வலையை அறுத்து மீனவர்கள் மீண்டும் கடலில் விட்ட காட்சி. வீடியோ எங்கெங்கோ பரவி, அந்த வாரம் மட்டும் 1 லட்சத்து 18 ஆயிரம் வியூஸ். கணக்கு 42.9-ஐ எதிர்பார்த்தது, வந்தது 118. வித்தியாசம் 75. அதில் 0.3 பங்கு 22.5. ஒரே வாரத்தில் மட்டம் 65.4-க்குத் தாவிவிடுகிறது. அடுத்தடுத்த வாரங்களில் 61, 48, 43, 46 என்று சேனல் பழைய நிலைக்கு இறங்கியபோதும் மட்டம் 64.1, 59.3, 54.4, 51.9 என்று தயங்கித் தயங்கித்தான் இறங்குகிறது. மார்ச் முடிவில் கணக்கு சொல்லும் மட்டம் வாரத்துக்கு 51.9 ஆயிரம். கடைசி மூன்று வாரச் சராசரியோ 45.7.

ஏதோ தவறு என்று D பத்தியே காட்டிக்கொடுக்கிறது. எட்டாம் வாரத்துக்குப் பின் வரும் நான்கு தவறுகள்: கழித்தல் 4, கழித்தல் 16, கழித்தல் 16, கழித்தல் 8. நல்ல கணிப்பின் தவறுகள் கூட்டலும் கழித்தலுமாகக் கலந்து வர வேண்டும். நான்கு வாரம் தொடர்ந்து ஒரே பக்கமாகவே தவறினால் மட்டம் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வியூஸ் கணக்கில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் குறிகளைத்தான், தவறின் அளவை அடுத்துதான் பார்ப்பேன்.

உடனே தோன்றும் வைத்தியம் ஆல்பாவை மாற்றுவது. செய்து பார்ப்போம். ஆல்பா 0.1 என்றால் எட்டாம் வாரத்தின் தாவல் சிறியது, ஆனால் அது கரையவும் வெகுநாள் ஆகும். மார்ச் முடிவில் மட்டம் 49.3. ஆல்பா 0.6 என்றால் மட்டம் முதலில் 88.6 வரை எகிறி, பிறகு வேகமாக இறங்கி 47.1-இல் நிற்கிறது. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 0.6 எல்லா வாரமும் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஒரு வாரம் காற்று அதிகமாகிப் படகு போகவில்லை, வீடியோ குறைந்தது என்றால் அதையும் நம்பி மட்டத்தை இறக்கிவிடும். நோய் ஆல்பாவில் இல்லை. 118 என்ற எண்ணுக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் கலந்து கிடப்பதுதான் நோய்.

பிரிக்க வழி ஸ்டுடியோவிலேயே உண்டு. ஒவ்வொரு வீடியோவுக்கும் தனியாக வாரவாரி எண் கிடைக்கும். ஆவுளியா வீடியோவை மட்டும் எடுத்தால் எட்டாம் வாரம் முதல் 74, 17, 5, 2, 1 என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்திலிருந்து இவற்றைக் கழித்தால் மீதிச் சேனலின் கதை இது:

```
42  38  45  40  44  39  47  44  44  43  41  45
```

இதுதான் உண்மையான சேனல். ஆவுளியாவைப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். சிலர் தங்கியிருந்தால் மீதித் தொடரில் ஓர் ஏற்றம் தெரிந்திருக்கும், இங்கே அது தெரியவில்லை. சிலர் 118-ஐ அழித்துவிட்டு அந்த இடத்தில் சராசரியைப் போட்டுவிடுவார்கள். அதில் இரண்டு குறை. ஒன்பதாம் வாரத்தின் 61-இலும் அதே வீடியோவின் 17 ஒளிந்திருப்பது விடுபட்டுப் போகும். உண்மையாகவே ஆட்கள் தங்கியிருந்தால் அந்தச் செய்தியும் அழிந்துபோகும். வீடியோவைப் பிரித்துக் கழிப்பதில் இரண்டும் நேராது.

மீதித் தொடரில் அதே கணக்கை ஓட்டினால் மார்ச் முடிவில் மட்டம் 43.3. எட்டு வாரத் தவறுகளின் அளவைச் சராசரி எடுத்தால் 2.3 ஆயிரம். இது நல்லதா கெட்டதா என்று தனியாகச் சொல்ல முடியாது, ஒப்பிட ஒன்று வேண்டும். 'போன வாரம் எவ்வளவோ, இந்த வாரமும் அவ்வளவே' என்று சொல்லும் சோம்பேறிக் கணிப்புதான் அதற்குச் சரியான எதிராளி. அதன் சராசரித் தவறு 3.4. ஆக நம் கணக்கு உழைப்புக்குத் தகுந்த பலன் தருகிறது. சோம்பேறிக் கணிப்பிடம் தோற்கும் எந்த முறையையும், அதன் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், தூக்கிப் போட்டுவிடலாம்.

ஆல்பாவையும் இதே வழியில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதித் தொடரில் 0.1-க்குச் சராசரித் தவறு 2.5, 0.3-க்கு 2.3, 0.6-க்கு மறுபடி 2.5. நடுவில் மெல்லிய பள்ளம், அவ்வளவுதான். 0.25-ஆ 0.32-ஆ என்று மண்டையைப் போட்டு உடைக்க வேண்டியதில்லை. எட்டே எட்டுத் தவறுகளை வைத்து அவ்வளவு நுணுக்கமாகத் தேட முடியாது.

இப்போது ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் சறுக்கும் இடம். வாரத்துக்கு 43.3 என்றால் மாதத்துக்கு எவ்வளவு? நான்கால் பெருக்கி 173 என்பார்கள். ஏப்ரலுக்கு 30 நாள், அதாவது 4.3 வாரம். 43.3-ஐ 30-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் 186. வெறும் பெருக்கலில் 12 ஆயிரத்துக்கு மேல் காணாமல் போகிறது. எல்லா வாரத்துக்கும் ஒரே எண்ணா என்று கேட்டால், ஆம். எளிய ஸ்மூத்திங்கின் கணிப்பு எப்போதும் தட்டையான கோடுதான், அடுத்த வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் ஒரே மட்டம். சேனல் மாதாமாதம் தெளிவாக வளர்ந்துகொண்டிருந்தால் இது பின்தங்கிவிடும், அப்போது ஹோல்ட் முறைக்குப் போக வேண்டும். நம் மீதித் தொடரில் அப்படி வளர்ச்சி எதுவும் இல்லை. இல்லாத வளர்ச்சியைக் கணக்கில் ஏற்றுவதைவிடத் தட்டையான கோடு நேர்மையானது.

ஆனால் இந்த ஏப்ரல் தட்டையாக இருக்கப்போவதில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை. நாட்டுப்படகுகள் போகும், ஆனால் நம் சேனல் விசைப்படகுச் சேனல். ஏப்ரல் 15-க்குப் பிறகு காட்ட இருப்பது கரையேற்றிய படகுக்கு வண்ணம் அடிப்பதும், வலை சீர்செய்வதும், இன்ஜின் பிரிப்பதும்தான். அவையும் நல்ல வீடியோக்கள், எனக்குத் தனிப்பட்ட முறையில் வலை இழுப்பதைவிட இன்ஜின் வேலை பிடிக்கும். ஆனால் மீன் துள்ளுவதைப் பார்க்க வந்தவர்கள் அதற்கு அவ்வளவாக வருவதில்லை.

ஸ்மூத்திங் கணக்குக்கு நாள்காட்டி தெரியாது. அது பார்த்ததெல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆண்டுப் பருவத்தைத் தானாகக் கற்க வேண்டுமானால் வாரக் கணக்கில் குறைந்தது இரண்டு முழு ஆண்டுகள், நூற்றுக்கு மேற்பட்ட வாரங்கள் தேவை. புதிய சேனல்களிடம் அது இருக்காது. ஆகவே தடைக்காலத்தை நாமே கையால் சேர்க்க வேண்டும். அதிர்ஷ்டவசமாகத் தடையின் தேதி மாறாதது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவோ, ரம்ஜானோ, ஆடி அமாவாசையோ ஆண்டுக்கு ஆண்டு நகரும். போன ஆண்டின் அதே வாரத்தை அப்படியே எடுத்து அவற்றுக்கு ஒட்ட முடியாது. தடைக்காலத்துக்கு முடியும்.

போன ஆண்டுக் கணக்கைத் திறக்கிறோம். தடைக்கு முந்தைய நான்கு வாரச் சராசரி 30 ஆயிரம். தடை தொடங்கியபின் முதல் நான்கு வாரங்கள் 27, 23, 19, 18. ஒரேயடியாக விழவில்லை என்பதைக் கவனியுங்கள். கடைசியாகக் கடலுக்குப் போனபோது எடுத்த காட்சிகள் ஒரு வாரத்துக்குக் கையிருப்பில் இருக்கும், பழைய வீடியோக்களும் கொஞ்ச நாள் ஓடும். நான்கு வாரத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து, 'தடை என்றால் 0.73 பங்கு' என்று ஏப்ரலுக்கு வைத்தால் தவறு. ஏப்ரலில் வரும் தடை நாட்கள் 16 மட்டும். அந்த 16 நாளுக்கு முதல் இரண்டு வாரமும் மூன்றாம் வாரத்தின் இரண்டு நாளும்தான் பொருந்தும். கணக்கிட்டால் ஏறத்தாழ 0.8 பங்கு. நான்காம் வாரத்தின் 0.6 மே மாதத்தின் தலைவலி.

போன ஆண்டு என்பது 2025-ஆக இருந்தால் இன்னொரு பொறி உண்டு. அந்த ஆண்டு மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸுக்கு வியூஸ் எண்ணும் விதத்தையே மாற்றியது. முன்பு ஒருவர் கொஞ்ச நேரமாவது பார்த்தால்தான் எண்ணப்பட்டது, அதன்பிறகு ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, மறுபடி ஓடினாலும், ஒரு வியூ. தடைக்கு முந்தைய வாரங்களின் ஒரு பகுதி பழைய எண்ணிக்கையிலும், தடைக்குப் பிந்தையவை முழுதும் புதிய எண்ணிக்கையிலும் வந்துவிடும். ஷார்ட்ஸ் நிறையப் போட்ட சேனலில் தடைக்காலத்தின் சரிவே தெரியாமல் போகலாம், ஏன், ஏறியதுபோலக் கூடத் தெரியலாம். பழைய எண்ணிக்கை முறை `Engaged views` என்ற பெயரில் ஸ்டுடியோவில் தொடர்கிறது. ஷார்ட்ஸுக்கு அதை எடுங்கள், அல்லது நீண்ட வீடியோக்களை மட்டும் வைத்து விகிதத்தைக் கணக்கிடுங்கள்.

எல்லாவற்றையும் சேர்ப்போம். ஏப்ரல் 1 முதல் 14 வரை இரண்டு வாரம், 43.3 வீதம் 87 ஆயிரம். 15 முதல் 30 வரை 16 நாள், வாரத்துக்கு 43.3-இல் 0.8 பங்கு, அதாவது 34.6 வீதம் 79 ஆயிரம். ஆவுளியா வீடியோவின் வாலாக மாதம் முழுவதுக்கும் ஒரு 3 ஆயிரம். மொத்தம் 1 லட்சத்து 69 ஆயிரம். எதையும் பிரிக்காமல், தடையையும் நினைக்காமல் முதலில் வந்த 51.9-ஐ வைத்து 30 நாளுக்குக் கணக்கிட்டிருந்தால் 2 லட்சத்து 22 ஆயிரம் வந்திருக்கும். வியாபாரியிடம் அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் மே மாதம் பதில் சொல்லத் திணற வேண்டியிருக்கும்.

1 லட்சத்து 69 ஆயிரத்தையும் அப்படியே சொல்லக்கூடாது. அதைச் சுற்றி ஒரு வீச்சு வேண்டும். மீதித் தொடரின் எட்டுத் தவறுகளையும் வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து வர்க்கமூலம் கண்டால் 2.8 ஆயிரம், இது ஒரு வாரத்தின் வழக்கமான தவறு. நான்கு வாரக் கூட்டலுக்கு என்ன? தவறுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் நான்கின் வர்க்கமூலமான 2-ஆல் பெருக்கினால் போதும், 5.6 வரும். ஆனால் இங்கே அவை சாராதவை அல்ல. ஏப்ரல் முதல் வாரம் எதிர்பார்த்ததைவிட ஆயிரம் கூடினால், அதில் 0.3 பங்கு நிலையான மாற்றம் என்று நம் கணக்கே நம்புகிறது. அந்த 300 அடுத்த மூன்று வாரத்திலும் திரும்ப வரும். ஆகவே முதல் வாரத்தின் ஆயிரம் மாத மொத்தத்தில் 1,900 ஆகிறது. இரண்டாம் வாரத்தின் ஆயிரம் 1,600, மூன்றாவது 1,300, நான்காவது வெறும் ஆயிரம்.

```
=SQRT(1.9^2+1.6^2+1.3^2+1^2)
```

விடை 2.98. அதாவது நான்கு வார மொத்தத்தின் வழக்கமான தவறு 2.8-ஐப் போல மூன்று மடங்கு, 8.4 ஆயிரம். ஐந்தில் நான்கு முறை உண்மை உள்ளே விழ வேண்டுமானால் அதை 1.28-ஆல் பெருக்க வேண்டும். இரு பக்கமும் 11 ஆயிரம்.

இது ஸ்மூத்திங்கின் தவறு மட்டும். 0.8 என்ற விகிதம் ஒரே ஒரு ஆண்டைப் பார்த்து எடுத்தது. அது 0.7-ஆக இருந்தால் ஏப்ரல் மொத்தம் 10 ஆயிரம் குறையும், 0.9-ஆக இருந்தால் 10 ஆயிரம் கூடும். இரண்டும் தனித்தனிக் காரணங்கள் என்பதால் நேராகக் கூட்டாமல் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 15. ஆக 1 லட்சத்து 54 ஆயிரத்துக்கும் 1 லட்சத்து 84 ஆயிரத்துக்கும் இடையில். எட்டுத் தவறுகளை மட்டும் வைத்துப் போட்ட வீச்சு எப்போதும் கொஞ்சம் குறுகலாகவே இருக்கும். அதனால் வியாபாரியிடம் நான் சொல்லும் உறுதிமொழி 1 லட்சத்து 50 ஆயிரம்தான். அதைத் தாண்டினால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். இன்னொரு ஆவுளியா சிக்கினால் இந்த வீச்சு எதற்கும் உதவாது. அது கணிப்பில் அடங்காதது, விலை பேசும்போது தனியாகப் பேச வேண்டியது.

ஏப்ரல் பாதியைத் தாண்டியதும் கணக்கை எப்படித் தொடர்வது என்பதில்தான் இன்னொரு தவறு நடக்கும். தடையின் இரண்டாம் வாரம் 36 ஆயிரம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே C பத்திக்குக் கொடுத்தால் மட்டம் 43-இலிருந்து 41-க்கு இறங்கும், அடுத்த வாரம் இன்னும் இறங்கும். ஜூன் 14 வரை இப்படி ஊட்டினால் மட்டம் 30-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஜூன் 15-இல் படகுகள் கடலுக்குப் போன பிறகும் கணக்கு வாரக்கணக்கில் தாழ்வாகவே கணிக்கும். எட்டாம் வாரத்துக்குப் பின் நடந்ததன் தலைகீழ் வடிவம் இது.

சரியான வழி, மட்டத்துக்கு ஊட்டும் முன் தடையின் பங்கால் வகுத்துவிடுவது. போன ஆண்டு இரண்டாம் வாரத்தின் பங்கு 23-ஐ 30-ஆல் வகுத்தது, 0.77. 36-ஐ 0.77-ஆல் வகுத்தால் 46.8. அதாவது தடை இல்லாதிருந்தால் இந்த வாரம் 46.8 வந்திருக்கும். சேனல் இறங்கவில்லை, சொல்லப்போனால் மட்டத்தைவிடச் சற்று மேலேதான் இருக்கிறது. ஊட்ட வேண்டியது இந்த 46.8-ஐத்தான். இப்படி வகுத்த எண்களின் தவறுகள் மே மாதத்தில் தொடர்ந்து ஒரே பக்கமாக வந்தால், மாறியது சேனலா அல்லது போன ஆண்டிலிருந்து எடுத்த பங்கு இந்த ஆண்டுக்குப் பொருந்தவில்லையா என்ற கேள்வி எழும். மே மாதம் பள்ளி விடுமுறையும் கூட வருவதால் அந்த இரண்டையும் அப்போதே பிரித்துப் பார்க்க முடியாது. படகுகள் போகத் தொடங்கி, ஜூன் கடைசி இரண்டு வார எண்கள் வகுக்காமலே வந்த பிறகுதான் விடை கிடைக்கும். அதுவரை மட்டத்தைப் பெரிதாக நகர்த்திவிடாமல் இருக்க, தடை வாரங்களுக்கு மட்டும் ஆல்பாவை 0.1-க்கு இறக்கி வைப்பது என் பழக்கம்.